‘மேலே அனுப்புங்க’ என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள குடியிருப்புவாசிகளுக்கு,

வரும் மாதம் 1-ம் தேதி முதல் நம் கேட்டில் விசிட்டர் நோட்டு மாறுகிறது. புது நோட்டு, புதுக் கட்டங்கள், செக்யூரிட்டி அறைச் சுவரில் ஒரு டோக்கன் பலகை. இதைத் தெரிவிக்க நோட்டீஸ் போர்டில் நாலு வரி போதும். ஆனால் நோட்டை மட்டும் மாற்றினால் ஒன்றும் மாறாது. நோட்டில் எழுதுகிறவர் செக்யூரிட்டி. எழுதியது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கிறவர்கள் இந்த 80 வீடுகளில் இருக்கும் நாம். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

பழைய நோட்டைக் கமிட்டியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பெயர் ‘குமார்’, ஊர் ‘சென்னை’, காரணம் ‘பர்சனல்’. அதற்குக் கீழே ஐந்தாறு வரிகளுக்கு மேற்படிக் குறி. போன் நம்பரில் சிலவற்றுக்கு ஒன்பதே இலக்கம். யாரைப் பார்க்க வந்தார் என்ற கட்டத்தில் வீட்டு எண் இருக்கிறது; அந்த வீட்டில் யாரிடம் கேட்டு உள்ளே விட்டார்கள் என்பது எங்கும் இல்லை.

இதையெல்லாம் விட முக்கியம் கடைசிக் கட்டம், வெளியே போன நேரம். பல பக்கங்களில் அது காலி. சில பக்கங்களில் முழுக்க நிரம்பியிருக்கிறது. காலியான பக்கங்களைக்கூட நம்பலாம், நிரம்பிய பக்கங்களைத்தான் நம்ப முடியவில்லை. ஏனென்றால் ஒரு மாலையில் வருகிறவர்கள் வந்த வரிசையிலேயே திரும்பிப் போவதில்லை. 6 மணிக்கு வந்த சித்தப்பா சாப்பிட்டுவிட்டு 9 மணிக்குப் போவார். 7 மணிக்கு வந்த கேபிள்காரர் 7:10-க்கே போய்விடுவார். அதனால் உண்மையாக எழுதிய நோட்டில் வெளியேறிய நேரங்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். நம் நோட்டிலோ அவை படிக்கட்டு மாதிரி ஒழுங்காக ஏறுகின்றன: 6:30, 6:45, 7:00, 7:15. எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஷிப்டு முடியும்போது ஒருவர் உட்கார்ந்து மொத்தக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறார்.

அவரைக் கோபித்துப் பயனில்லை. ‘கட்டம் காலியாக இருக்கக் கூடாது’ என்றுதான் அவருக்கு எப்போதும் சொல்லப்பட்டிருக்கிறது; காலியாக இல்லாமல் பார்த்துக்கொண்டார். போகிறவரை நிறுத்தி நேரம் எழுத அவருக்கு நாம் வழி எதுவும் செய்து கொடுக்கவில்லை. அந்த வழியைத்தான் இப்போது செய்கிறோம்.

ஒரு விசிட்டர் நோட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த நிமிடம் உள்ளே இருக்கும் வெளியாட்கள் யார் யார்? அவர்களை உள்ளே விடச் சொன்னது யார்? எப்போது போனார்கள்? நம் நோட்டு இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல், யாரோ ஒரு குமார் வந்தார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் உள்ளே வருவது. இனி நோட்டை வருகிறவர் கையில் கொடுக்க மாட்டோம். செக்யூரிட்டியே கேட்டு எழுதுவார். வருகிறவரே எழுதும்போது கோழிக் கிறுக்கல் ஆவது ஒருபுறம். மேலே உள்ள பத்து வரிகளும் அவர் கண்ணில் படுகின்றன என்பதுதான் பெரிய சங்கடம். எந்த வீட்டுக்கு யார் வந்தார், அவர் போன் நம்பர் என்ன என்பதெல்லாம் அடுத்து வரும் ஆளுக்குத் தட்டில் வைத்தது போல. டியூஷன் எடுக்க வரும் பெண் எழுதிய நம்பரை, பின்னால் நிற்பவர் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

கேட்கிற விதத்திலும் ஒரு மாற்றம். ‘எங்கே போகணும்?’ என்று செக்யூரிட்டி கேட்கிறார், வந்தவர் ‘நாலாவது மாடி’ என்கிறார், ‘402-ஆ? பாங்க் சார் வீடா?’ என்று நம் ஆளே மீதியை எடுத்துக்கொடுக்கிறார், அவரும் ‘ஆமாம்’ என்று தலையாட்டுகிறார். இனி வீட்டு எண்ணையும் அங்கே பார்க்க வேண்டியவர் பெயரையும் வந்தவர் வாயால்தான் சொல்ல வேண்டும். செக்யூரிட்டி எதையும் எடுத்துக்கொடுக்க மாட்டார். ஆனால் பெயர் சரியாகச் சொல்லிவிட்டதாலேயே அவர் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். நம் லாபியில் 80 வீட்டுக்காரர் பெயரும் பலகையில் எழுதித் தொங்குகிறது. கூரியர் உறையிலும் பெயர், வீட்டு எண் எல்லாம் இருக்கும். நம்ப வேண்டியது வந்தவர் சொல்லும் பெயரை அல்ல, மாடியிலிருந்து வரும் சொல்லை.

அடுத்தது வீட்டின் சம்மதம். இந்த மடலில் அதிகம் பேச வேண்டிய இடம் இதுதான்.

இன்டர்காம் அடிக்கிறது. டிவி ஓடுகிறது, குக்கர் கத்துகிறது. எடுத்துக் காதில் வைக்கும்போதே ‘சரி, மேலே அனுப்புங்க’ என்கிறோம். யார் என்று செக்யூரிட்டி சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறோம். சில வீடுகளில் எட்டு வயதுப் பையன் எடுத்து ‘ஓகே அங்கிள்’ என்கிறான். சில வீடுகளில் ஒயரைப் பிடுங்கியே போட்டிருக்கிறார்கள். பதில் வராதபோது செக்யூரிட்டி என்ன செய்வார்? வந்தவரை நிறுத்தினால் ‘என் வீட்டுக்கு வந்தவரை எப்படி நிறுத்தலாம்?’ என்று மாலையில் அவருக்கு அர்ச்சனை. விட்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. விட்டுவிடுகிறார். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டம் காவலருக்குப் பயிற்சி கட்டாயம் என்கிறது. ஆனால் வீட்டுக்காரரின் கோபத்துக்கு எதிரே நின்று ‘பதில் வரவில்லை, விட முடியாது’ என்று சொல்லும் தைரியத்தை எந்தப் பயிற்சியும் தராது. அதை நாம்தான் தர வேண்டும்.

இனி செக்யூரிட்டி இப்படித்தான் கேட்பார்: ‘சார், இன்னார் என்று பெயர் சொல்கிறார், இன்ன இடத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார், மொத்தம் இத்தனை பேர். நீங்கள் வரச் சொன்னீர்களா?’ அதற்கு மூன்றே பதில்கள். ‘ஆமாம்’ என்றால், பதில் சொன்னவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏறும். ‘இல்லை’ என்றால் அதுவும் ஏறும். பதிலே வராவிட்டால், சங்கத்தில் நீங்கள் பதிந்திருக்கும் செல்போனுக்கு ஒரு முறை கூப்பிடுவார். அதற்கும் பதில் இல்லையென்றால் வந்தவர் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பார். அவர் உங்கள் மாமனாராகவே இருந்தாலும். வயதானவர் என்றால் நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் எல்லாம் உண்டு. உள்ளே மட்டும் விட மாட்டோம்.

இதில் எல்லோரும் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. இன்டர்காமில் பதில் இல்லாதபோது வந்தவர் தன் செல்போனில் யாரையோ கூப்பிட்டு, ‘அண்ணே, சாரே பேசுறார், பேசுங்க’ என்று நீட்டுவார். எதிர்முனையில் ஒரு குரல், ‘நம்ம ஆளுதாம்ப்பா, விடு’ என்னும். அந்தக் குரல் யாருடையது என்று செக்யூரிட்டிக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டது வந்தவர், நம்பரும் அவர் போட்டது. பெரும்பாலும் அது உண்மையாகவே நம் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். அதனாலேயே இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. பொய்யாக வருகிறவருக்கும் அதுவே வாசல். இனி வந்தவர் நீட்டும் போனை வாங்கவே கூடாது என்று சொல்லிவிட்டோம். கேட்டிலிருந்து, சங்கத்திடம் இருக்கும் நம்பருக்கு, செக்யூரிட்டி போட்ட அழைப்பு மட்டுமே செல்லும். நீங்கள் வெளியூரில் இருந்தாலும் இதே விதிதான்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சொல். பெங்களூரில் வேலையில் இருந்தபடி நீங்கள் ‘அனுப்புங்க’ என்கிறீர்கள். வீட்டில் உங்கள் அம்மா மட்டும் இருக்கிறார். கதவு திறக்கப்போவது அவர். சம்மதம் சொன்னவுடன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு ‘ஏசி ரிப்பேருக்கு ஒருத்தர் வர்றார்’ என்று சொல்லிவிடுங்கள். கதவுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாத சம்மதம் அரைச் சம்மதம்தான்.

சம்மதம் சொன்னதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. கேட்டிலிருந்து எந்த வீட்டுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நீங்கள் அனுப்பச் சொன்ன ஆள் பத்து நிமிடமாகியும் வரவில்லையென்றால் கேட்டைக் கூப்பிடுங்கள். 203-க்கு என்று ஏறியவர் லிப்டில் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பது கேட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் வந்து சேரவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

மூன்றாவது, வெளியே போவது. இதற்குத்தான் டோக்கன். பலகையில் 40 கொக்கிகள், எண் போட்ட 40 பிளாஸ்டிக் வில்லைகள். சம்மதம் வந்ததும் ஒரு வில்லையை எடுத்துக் கொடுத்து அதன் எண்ணை நோட்டில் எழுதுவார். திரும்பிப் போகும்போது வில்லை கைக்கு வந்தால்தான் வெளியேறிய நேரம் எழுதப்படும். ஒரு குழுவுக்கு ஒரு வில்லை. ஆனால் எத்தனை பேர் என்ற கட்டம் தனியாக உண்டு. பலகையைப் பார்த்தாலே எந்த வரிகள் இன்னும் முடியவில்லை என்று தெரிந்துவிடும். அரசு அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இதற்கு இணையான பழைய முறை ஒன்று உண்டு: சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், அடிக்கட்டை கேட்டில் இருக்கும், பார்க்கப் போன அதிகாரி சீட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டால்தான் வெளியே விடுவார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கையெழுத்து வாங்கி வா என்று சொல்வது அழகல்ல என்பதால் நாம் டோக்கனோடு நிறுத்திக்கொள்கிறோம். பிணையாக டிரைவிங் லைசென்ஸ், ஆதார் அட்டை எதையும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம்.

காலை 8, இரவு 8 மணிக்கு ஷிப்டு மாறும். அப்போது முடியாத வரிகளை, கணக்குப் புத்தகத்தில் முன்பக்க நிலுவையை எடுத்து எழுதுகிற மாதிரி, அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டு, வருகிறவரும் போகிறவரும் கையெழுத்துப் போடுவார்கள். இரவு 10 மணிக்கும் நிலுவை இருந்தால் அந்த வீட்டுக்கு இன்டர்காம் வரும்: ‘உங்கள் விருந்தாளி தங்குகிறாரா?’ ஆமாம் என்றால் ‘தங்கல்’ என்று எழுதுவார். அவ்வளவுதான். யார், என்ன உறவு, எத்தனை நாள் என்று எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். ஒரு சனிக்கிழமை மாலையைக் கற்பனை செய்து பார்ப்போம்.

6:05-க்கு ஆர்.ஓ. சர்வீஸ் ஆள், ஏ-203. வீட்டில் சம்மதம் வாங்கியாயிற்று, டோக்கன் 1. 6:20-க்குக் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு தம்பதி, முதலில் பி-104, பிறகு பி-301. டோக்கன் 2, இரண்டு பேர். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் நாலு வீடு ஏறுவார்கள் என்பதால் எல்லா வீட்டு எண்களையும் கேட்டு, ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் வாங்கி எழுத வேண்டும். 6:35-க்கு ஒரு புரோக்கர், காலியாக இருக்கும் ஏ-502-ஐப் பார்க்க வந்த கணவன் மனைவியோடு. வீட்டு உரிமையாளர் கோவையில் இருக்கிறார். பதிவில் உள்ள நம்பரில் கூப்பிட்டுச் சம்மதம் வாங்கியாயிற்று. டோக்கன் 3, மூன்று பேர். வீட்டில் ஆளில்லாத இடத்துக்குப் போவதால் புரோக்கரின் போன் நம்பரும் எழுதப்படுகிறது. 6:50-க்கு ஆர்.ஓ. ஆள் டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

7:10-க்கு ஒருவர் பி-402 என்கிறார். இன்டர்காமில் பதில் இல்லை, செல்போனிலும் இல்லை. தன் போனை நீட்டுகிறார், செக்யூரிட்டி வாங்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு 7:20-க்குக் கிளம்பிவிடுகிறார். இந்த வரியையும் எழுத வேண்டும்: ‘பதில் இல்லை, உள்ளே விடவில்லை.’ உள்ளே விடாதவரை எதற்கு எழுத வேண்டும்? 8 மணிக்கு ஆள் மாறியதும் அவரே வேறு வீட்டு எண் சொல்லிக்கொண்டு வந்தால், புதிதாக வந்த செக்யூரிட்டிக்கு அந்த வரிதான் துணை. 7:25-க்கு பி-203-க்கு அந்த வீட்டுக்காரரின் தம்பி குடும்பம், காரில், நாலு பேர். டோக்கன் 4.

7:40-க்கு பி பிளாக் மீட்டர் பெட்டியிலிருந்து புகை வருகிறது. 101-க்குப் போன் போகிறது. தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கேட்கப்போவது, உள்ளே யார் இருக்கிறார்கள், எந்த மாடியில் என்பதைத்தான். செக்யூரிட்டி பலகையைப் பார்க்கிறார். 2, 3, 4 எண் கொக்கிகள் காலி. டோக்கன் 3 ஏ பிளாக். ஆனாலும் புரோக்கருக்கு ஒரு போன். ‘அப்பவே கார் கேட் வழியா வெளிய வந்துட்டோம் சார், டோக்கன் பையிலயே இருக்கு’ என்கிறார். டோக்கன் 2: பி-104-ல் கேட்டால் 301-க்குப் போய்விட்டார்கள் என்கிறார்கள், 301-ல் கேட்டால் ‘இங்கேதான் இருக்கிறார்கள்’ என்கிறார்கள். டோக்கன் 4: 203-ல் நாலு பேர். ஆக பி பிளாக்கில் வெளியாட்கள் ஆறு பேர். மூன்றாம் மாடியில் இரண்டு, இரண்டாம் மாடியில் நாலு. நாலு போன் அழைப்பில் பதில் கிடைத்துவிட்டது. பழைய நோட்டாக இருந்தால் அத்தனை வரியிலும் வெளியேறிய நேரம் காலியாகக் கிடக்கும். அல்லது, அதைவிட மோசமாக, எல்லோரும் வெளியேறிவிட்டதாக எழுதியிருக்கும்.

இந்த நோட்டால் என்னவெல்லாம் முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாலையில் நம் வீட்டுக்காரர்களில் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று அது சொல்லாது. டெலிவரிக்கு வருகிறவர்களுக்கும் டோக்கன் கிடையாது. ஒரு மாலையில் அவர்கள் வரும் வேகத்துக்கு ஆளுக்கு ஒரு வரி, ஒரு டோக்கன் என்றால் கேட்டில் கூட்டம் சேர்ந்து, கடைசியில் எதுவுமே ஒழுங்காக எழுதப்படாது. அவர்களுக்குத் தனியாகச் சின்ன நோட்டு: நேரம், வீட்டு எண், எந்த நிறுவனம். போன் நம்பர் வேண்டாம். வீட்டின் சம்மதம் மட்டும் அவர்களுக்கும் கட்டாயம். 15 நிமிடத்தில் திரும்பாவிட்டால் செக்யூரிட்டி அந்த வீட்டைக் கூப்பிடுவார். அவசரமில்லாத பார்சல் என்றால் கேட்டில் உள்ள அலமாரியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். உங்களுக்கும் அலுப்பில்லை, அவருக்கும் மாடி ஏறுவது மிச்சம்.

வீட்டு வேலைக்கு வருகிற அம்மாக்களும், கார் துடைக்கிறவர்களும், பால், பேப்பர் போடுகிறவர்களும் விசிட்டர்கள் அல்ல. அவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வந்தால் கேட் திறந்தே இருக்கும், எழுதுவது பிறகு.

கார் விஷயத்தில் ஒரு வார்த்தை. பைக்கில் வருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் நம் கேட், காரில் வருகிறவருக்கு சல்யூட்டோடு திறக்கிறது. கண்ணாடியை இறக்காமலே உள்ளே போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஸ்டிக்கர் இல்லாத எந்தக் காரும் இனி நிற்க வேண்டும். கண்ணாடி இறங்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று பார்த்து எழுத வேண்டும். உங்கள் விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்களுக்கும் முகம் சுருங்காது.

‘இந்தக் காலத்தில் நோட்டு எதற்கு, ஆப் போட்டுவிடலாமே’ என்று கேட்பீர்கள். ஆப் வந்தால் சம்மதம் கேட்பது சுலபம்தான். வந்தவரின் படம் உங்கள் போனுக்கே வரும். ஆனால் படத்தைப் பார்க்காமலே பச்சைப் பொத்தானை அழுத்தும் விரலும், பாதி கேட்டுவிட்டு ‘அனுப்புங்க’ என்று வைக்கும் வாயும் ஒன்றுதான். விருந்தாளிக்கு அனுப்பிய நுழைவு எண் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் என்பதும் நம் கையில் இல்லை. போகிறவரை ஆப்பும் நிறுத்தாது. கேட்டில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் வெளியேறியதாகும், கூட்ட நேரத்தில் அவர் அழுத்த மாட்டார். கையால் எழுதும் மூன்று படிகளும் நமக்குப் பழகட்டும். பிறகு ஆப் பற்றிப் பேசலாம்.

அப்படிப் போகும் நாளில் சட்டமும் கூடவே வரும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. காகித நோட்டை அந்தச் சட்டம் தொடாது. ஆனால் அதையே கணினியில் ஏற்றினால் தொடும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் ஒருவரின் விவரத்தை வாங்க வேண்டும், அந்த வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் தொடாவிட்டாலும் காகித நோட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று கமிட்டி நினைக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் வாசலுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே சில வரையறைகள். வந்தவரின் போன் நம்பர் எல்லோரிடமும் வாங்கப்படாது. ரிப்பேர் ஆட்கள், ஆளில்லாத வீட்டுக்குப் போகிறவர்கள் ஆகியோரிடம் மட்டும். முடிந்த நோட்டு சங்க அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கப்படும். ஒரு வருடம் கழித்துக் கிழித்து அழிக்கப்படும். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடக் கூடாது. போட்டால், நம் வீட்டுக்கு வந்து போனவர்களின் பட்டியலில்தான் தெருமுனைக் கடையில் பஜ்ஜி மடித்துத் தருவார்கள். போலீஸ் கேட்டால், எழுத்துபூர்வமான கோரிக்கையைப் பெற்றுக்கொண்டு உரிய பக்கங்களைக் கொடுப்போம். கொடுத்ததையும் பதிவு செய்வோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று உட்கார்ந்து படிக்கும் கதைப் புத்தகம் அல்ல இது. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு எத்தனை மணிக்கு யார் வந்தார், பேச்சிலர் பையன்கள் வீட்டில் ராத்திரி யார் தங்கினார் என்று பார்க்க எவருக்கும் நோட்டு தரப்படாது. கமிட்டி உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் வரிகளை நீங்கள் கேட்டால் படித்துச் சொல்வோம். வேறு எவருடைய வரிகளையும் பார்க்க வேண்டுமானால், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, செயலாளர், தலைவர் இருவர் முன்னிலையில்தான் பார்க்க முடியும்.

கமிட்டி தன் பங்குக்கு வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு பக்கத்தைப் பார்க்கும். வெளியேறிய நேரங்கள் இயல்பாகக் கலைந்திருக்கின்றனவா, படிக்கட்டு ஏறுகின்றனவா. நிலுவை வரிகள் அடுத்த பக்கத்துக்கு வந்திருக்கின்றனவா. சம்மதம் சொன்னவர் பெயர் இருக்கிறதா. பெயர்களைப் படிப்பதற்காக அல்ல, கட்டங்களைப் பார்ப்பதற்காக. காலிக் கட்டத்துக்காகச் செக்யூரிட்டிக்கு அபராதம் கிடையாது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நெருக்கினால் என்ன நடக்கும் என்பதைத்தான் பழைய நோட்டில் பார்த்துவிட்டோமே. தெரியாததைத் தெரியாது என்று காலியாக விட்டால் அதைச் சரிசெய்ய வழி தேடலாம். இட்டுக்கட்டி நிரப்பினால் எங்கே தப்பு என்றே தெரியாமல் போய்விடும்.

உங்களிடம் கேட்பது நாலே விஷயம். இன்டர்காமை வீட்டில் பெரியவர் ஒருவர் எடுக்கட்டும். யார், எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். சங்கத்திடம் உள்ள உங்கள் செல்போன் நம்பர் சரிதானா என்று பாருங்கள். வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள் குடியிருப்பவரின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். அனுப்பச் சொன்ன ஆள் பத்து நிமிடத்தில் வராவிட்டால் கேட்டைக் கூப்பிடுங்கள். விருந்தாளியை உங்கள் காரிலேயே கொண்டுபோய் விடுகிறீர்கள் என்றால், கேட்டில் ஒரு நொடி நிறுத்தி டோக்கனைக் கொடுத்துவிடுங்கள். வெளியேறும் வரிகளில் நமக்கு அதிகம் தவறப்போவது இதுதான்.

உங்கள் விருந்தாளியைச் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார் என்று கோபம் வந்தால், அவரிடம் பேச வேண்டாம். என்னைக் கூப்பிடுங்கள். நிறுத்தச் சொன்னது கமிட்டி.

வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை கேட்டிலிருந்து 80 வீடுகளுக்கும் இன்டர்காமில் ஒரு சோதனை அழைப்பு வரும். எடுத்து, உங்கள் வீட்டு எண்ணையும் பெயரையும் மட்டும் சொல்லுங்கள். எந்த வீட்டில் மணி அடிக்கவில்லை, எந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்ற பட்டியல் மதியம் எலக்ட்ரீஷியன் கைக்குப் போகும். 1-ம் தேதிக்குள் எல்லா வீட்டு இன்டர்காமும் பேச வேண்டும். ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சனிக்கிழமை இரவே மாட்டி வையுங்கள்.

அன்புடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்